டாங்கி ஓட்டியவர்களின் டோபமைன்

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் எட்டு ஆண்கள், ஆளுக்கு இரண்டு முறை, பெட் ஸ்கேன் கருவிக்குள் படுத்தார்கள். ஒரு முறை வெற்றுத் திரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்கள். இன்னொரு முறை கையில் மவுஸ் பிடித்து வீடியோ கேம் ஆடினார்கள். போர்க்களத்தில் ஒரு டாங்கியை ஓட்டிச் சென்று கொடிகளைச் சேகரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் ஏழு பவுண்டு பரிசு. ஆட்டத்தின்போது இவர்கள் மூளையில் டோபமைன் கூடுதலாகச் சுரந்தது என்று கெப் என்பவரும் அவருடைய குழுவினரும் 1998-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். செல்போனும் விளையாட்டும் ‘டோபமைனைத் தூண்டுகின்றன’ என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பேச்சுக்கு ஆதாரமாக அதிகம் சுட்டப்படும் ஆய்வுகளில் இது ஒன்று.

உயிரோடு விழித்திருக்கும் ஒரு மனிதரின் மண்டையோட்டுக்குள் சுரக்கும் வேதிப்பொருளை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உண்மையில் அந்தக் கருவி டோபமைனைப் பார்க்கவே இல்லை. அது பார்த்தது ரேக்ளோபிரைடு என்ற வேறொரு பொருளை. இந்த ஆய்வை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது, டோபமைனுக்கும் ரேக்ளோபிரைடுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்வதைப் பொறுத்தது.

மூளையின் நடுப்பகுதியில் ஸ்ட்ரையேட்டம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே உள்ள நரம்பணுக்களின் மேற்பரப்பில் டி2 ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. டோபமைன் வந்து அமரும் இடங்கள் இவை. ரேக்ளோபிரைடும் அதே இடத்தில்தான் அமரும். ஒரு பேருந்தின் இருக்கைகளைப் போல: டோபமைன் பயணிகள் நிறையப் பேர் ஏறிவிட்டால், பின்னால் ஏறும் ரேக்ளோபிரைடு பயணிகளுக்குக் கிடைக்கும் இருக்கைகள் குறையும். ரேக்ளோபிரைடு பயணிகள் கையில் மட்டும் ஒரு விளக்கைக் கொடுத்து அனுப்பினால், அமர்ந்திருக்கும் விளக்குகளை எண்ணி, மற்ற இருக்கைகளை யார் பிடித்துக்கொண்டார்கள் என்று ஊகிக்கலாம்.

கார்பன்-11 என்ற கதிரியக்கக் கார்பன்தான் அந்த விளக்கு. மருத்துவமனையிலேயே உள்ள சைக்ளோட்ரானில் அதைத் தயாரித்து, உடனே வேதிவினை மூலம் ரேக்ளோபிரைடு மூலக்கூறில் பொருத்தி, தூய்மையைச் சோதித்து, ஊசியில் ஏற்றி நரம்பில் செலுத்த வேண்டும். எல்லாமே அவசரம். கார்பன்-11-ன் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நிமிடம். ஒரு மணி நேரம் தாமதித்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிதையும் ஒவ்வொரு கார்பன் அணுவும் ஒரு பாசிட்ரானை வெளியிடுகிறது. அது ஒரு மில்லிமீட்டர் அளவு நகர்வதற்குள் ஓர் எலெக்ட்ரானோடு மோதி அழிகிறது. அப்போது இரண்டு காமா ஒளித்துகள்கள் நேர் எதிர்த் திசைகளில் பாய்கின்றன. தலையைச் சுற்றி வளையமாக உள்ள உணர்விகளில் இரண்டு ஒரே கணத்தில் அவற்றைப் பிடித்தால், அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ அந்தச் சிதைவு நடந்திருக்கிறது என்று பொருள். இப்படிப் பல லட்சம் கோடுகளைச் சேர்த்துக் கணினி ஒரு படம் வரைகிறது.

ஊசியில் போகும் ரேக்ளோபிரைடின் மொத்த எடை சில மைக்ரோகிராம்தான். ஏற்பிகளில் மிகச் சிறு பங்கையே அது பிடிக்கும். அதனால் மூளையின் வேலையில் எந்த மாற்றமும் வராது. இப்படி, தான் அளக்கும் இடத்தைக் கலைக்காமல் வந்து போகும் பொருளைத்தான் டிரேசர் என்கிறார்கள். அளவு கூடினால் அதே ரேக்ளோபிரைடு டோபமைனைத் தடுக்கும் மருந்தாக வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டு ஸ்கேன்களிலும் எத்தனை மைக்ரோகிராம் போயிற்று என்று குறித்துவைத்து ஒப்பிட வேண்டும். இரண்டாம் நாள் தயாரிப்பில் விளக்கில்லாத ரேக்ளோபிரைடு அதிகம் கலந்திருந்தால், அதுவே இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு, டோபமைன் கூடியதைப் போன்ற பொய்த் தோற்றத்தைத் தரும்.

படத்தில் தெரியும் வெளிச்சம் முழுவதும் ஏற்பிகளில் அமர்ந்தவை அல்ல. திசுவுக்குள் சும்மா மிதப்பவையும் அதில் உண்டு. இதைக் கழிக்கச் சிறுமூளை உதவுகிறது. அங்கே டி2 ஏற்பிகள் இல்லை என்றே சொல்லலாம். எனவே அங்கு தெரிவது மிதக்கும் பகுதி மட்டுமே. ஸ்ட்ரையேட்டத்தில் ரேக்ளோபிரைடு ஏறி இறங்கும் வேகத்தையும் சிறுமூளையில் ஏறி இறங்கும் வேகத்தையும் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஒப்பிட்டால், அமர்ந்தவைக்கும் மிதப்பவைக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். புரிந்துகொள்ள ஓர் உதாரணம்: வெற்றுத் திரையைப் பார்த்தபோது அந்த விகிதம் 2.0 என்றும், விளையாடும்போது 1.74 என்றும் வைத்துக்கொள்வோம். குறைந்தது 13 சதவீதம். லண்டன் ஆய்வில் ஸ்ட்ரையேட்டத்தின் அடிப்பகுதியில் கண்ட குறைவும் சுமார் 13 சதவீதம்தான். அதிகக் கட்டங்களைத் தாண்டியவர்களிடம் குறைவும் அதிகமாக இருந்தது.

டோபமைன் 13 சதவீதம் கூடியது என்று இதற்குப் பொருள் அல்ல. குரங்குகளின் மூளைக்குள் நுண்குழாய் வைத்து டோபமைனை நேரடியாக அளந்தபடியே ஸ்கேன் செய்திருக்கிறார்கள். டோபமைன் பல மடங்கு பெருகும்போதும் ரேக்ளோபிரைடின் பிடிப்பு பத்துப் பதினைந்து சதவீதம்தான் குறைகிறது. ‘விளையாட்டில் போதைமருந்து அளவுக்கு டோபமைன்’ என்று இந்த ஆய்வை வைத்து எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்கேன் தருவது இருக்கைக் கணக்கு. அதிலிருந்து சுரப்பின் அளவுக்குப் போகும் வழி நேரானதல்ல.

இந்த முறை சறுக்கும் இடங்களும் உண்டு. விளையாடுகிறவர் தலையை அசைப்பார். ஸ்ட்ரையேட்டத்தின் அடிப்பகுதி மிகச் சிறியது. சில மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட வெளிச்சம் பக்கத்துத் திசுவில் சிந்தி, பிடிப்பு குறைந்ததுபோலக் காட்டும். வெற்றுத் திரையைப் பார்க்கும்போது தலை அசைவதில்லை. ஆகவே ஒப்பீடு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வீடியோ கேம் ஆய்வின்மீது பின்னாளில் எழுந்த முக்கியமான கேள்வி இதுவே. இப்போதெல்லாம் படத்தைச் சில நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முதல் துண்டோடு பொருத்தி அசைவைச் சரிசெய்கிறார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் நிற்கும் குறைவை மட்டுமே நம்ப வேண்டும்.

ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவு சொல்வது அதைவிட ஆபத்து. ஒருவருக்கு ரேக்ளோபிரைடு பிடிப்பு குறைவாகத் தெரிந்தால், அவருக்கு டோபமைன் அதிகமா, அல்லது ஏற்பிகளே குறைவா என்று அந்தப் படம் சொல்லாது. பருமனானவர்களுக்கோ போதைக்கு ஆட்பட்டவர்களுக்கோ ‘டோபமைன் குறைபாடு’ என்று படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்களா? டோபமைன் உற்பத்தியைத் தற்காலிகமாகக் குறைக்கும் மருந்தைக் கொடுத்து மறுபடி பார்த்தால், காலியாகும் இருக்கைகளைக் கொண்டு முன்பு டோபமைன் எத்தனை இடம் பிடித்திருந்தது என்று கணக்கிடலாம்.

இனி, செய்திகளில் அதிகம் வரும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. இதற்கு ஊசி இல்லை, கதிரியக்கம் இல்லை. இரண்டு வினாடிக்கு ஒரு முறை மூளை முழுவதையும் படம் பிடிக்கலாம். ரேக்ளோபிரைடு ஒரு மணி நேரத்துக்கு ஒரு எண்ணைத் தருகிறது என்றால், இது அந்த நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தருகிறது. ஆனால் அது அளப்பது ரத்தத்தை. நரம்பணுக்கள் மும்முரமாகும்போது அந்த இடத்துக்கு அவை செலவழிப்பதைவிட அதிகமான ஆக்சிஜன் ரத்தத்தோடு வந்துசேர்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றே கலைக்கும் தன்மை உடையது. புது ரத்தம் வந்து அதன் பங்கு குறைந்ததும் சமிக்ஞை ஓரிரு சதவீதம் கூடுகிறது. பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா 1990-ல் எலிகளில் இதைக் காட்டினார். நரம்பணு இயங்கிய பிறகு சமிக்ஞை உச்சத்தைத் தொட ஐந்தாறு வினாடி ஆகும்.

பணம் வெல்லும் விளையாட்டை எம்.ஆர்.ஐ.-க்குள் ஆடச் சொன்னால் ஸ்ட்ரையேட்டத்தின் அதே அடிப்பகுதியில் சமிக்ஞை கூடுகிறது. உடனே ‘டோபமைன் பெருகியது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஜெர்மனியில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வு ஒரே ஆட்களை இரண்டு கருவிகளிலும் பார்த்தது. பரிசை எதிர்பார்க்கும்போது ரத்தச் சமிக்ஞை அதிகம் கூடியவர்களிடம் ரேக்ளோபிரைடு கணக்கில் டோபமைனும் அதிகம் வெளிப்பட்டதாகத் தெரிந்தது. ஆகவே அந்த ஊகம் ஆதாரமே இல்லாதது அல்ல.

ஆனால் 2013-ல் பாஸ்டனில் செய்த சோதனை எச்சரிக்கிறது. பெட், எம்.ஆர்.ஐ. இரண்டும் ஒன்றாக இணைந்த கருவிக்குள் குரங்குகளை வைத்து, ரேக்ளோபிரைடை மருந்தின் அளவுக்கு ஏற்றினார்கள். எத்தனை ஏற்பிகள் அடைபட்டன என்று பெட் சொன்னது. அதே நிமிடத்தில் ரத்த அளவு எப்படி மாறியது என்று எம்.ஆர்.ஐ. சொன்னது. ஏற்பிகள் அடைபட அடைபட ஸ்ட்ரையேட்டத்தில் ரத்தம் கூடியது. டி2 ஏற்பி வழியாக டோபமைன் நரம்பணுக்களை அடக்குகிறது. அந்தப் பிடி தளர்ந்ததும் அவை எழுந்துவிட்டன. எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் பார்த்தவர் அங்கே டோபமைன் பாய்ந்தது என்று சொல்லியிருப்பார். உண்மையில் நடந்ததோ, டோபமைன் வேலை செய்ய முடியாமல் தடுக்கப்பட்டது. ரத்தச் சமிக்ஞைக்குப் பின்னால் தூண்டல் இருக்கலாம், தடை விலகியதும் இருக்கலாம், வேறு வேதிப்பொருள்களும் இருக்கலாம். எது என்று அந்தப் படத்துக்குத் தெரியாது.

இருக்கைக் கணக்கு நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்பட்ட இடம் மனச்சிதைவுச் சிகிச்சை. அதற்கான மருந்துகளில் பெரும்பாலானவை டி2 ஏற்பிகளை அடைப்பவை. ஸ்டாக்ஹோமில் லார்ஸ் ஃபார்டே 1980-களிலேயே, மருந்து சாப்பிடும் நோயாளிகளுக்கு ரேக்ளோபிரைடு ஊசி போட்டு, விளக்குகள் எவ்வளவு குறைந்தன என்று எண்ணி, மருந்து எத்தனை சதவீத ஏற்பிகளைப் பிடித்திருக்கிறது என்று கணக்கிட்டார். டொரண்டோவில் ஷிதிஜ் கபூர் குழுவினர் 2000-ல் ஹாலோபெரிடால் மருந்தை வைத்து அதை மேலும் துல்லியமாக்கினார்கள். சுமார் 65 சதவீதம் அடைபட்டால் நோயாளி தேறும் வாய்ப்பு கூடுகிறது. 78 சதவீதத்தைத் தாண்டினால் கை நடுக்கம், உடல் விறைப்பு போன்ற பக்கவிளைவுகள் தலைகாட்டுகின்றன. தினம் இரண்டு, மூன்று மில்லிகிராம் போன்ற சிறிய அளவே பல நோயாளிகளுக்கு அந்த இடைவெளிக்குள் கொண்டுவரப் போதுமாக இருந்தது. முன்பெல்லாம் அதைவிடப் பல மடங்கு கொடுப்பது வழக்கமாக இருந்தது.