வட்டிக்கு வட்டி போட்டீர்களா? வங்கிக்கு ஒரு கடிதம்

படித்து முடித்து, வேலையும் கிடைத்து, முதல் தவணை கட்டப் போகும் நேரத்தில்தான் பலர் கல்விக் கடன் கணக்கைக் கூர்ந்து பார்க்கிறார்கள். வாங்கியது 4 லட்சம். நிலுவை என்று வங்கி காட்டுவதோ 5 லட்சத்து 70 ஆயிரம். உடனே ஒரு கடிதம் பறக்கிறது: “படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது என்றுதானே சொன்னீர்கள்?”

இந்தக் கடிதம் பெரும்பாலும் தோற்றுவிடும். படிப்புக் காலத்தில் தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு அல்ல. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கொடுத்த பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தவணை தொடங்கும் நாளில் அதை அசலோடு சேர்ப்பதற்கும் விதி இடம் தருகிறது.

அதே திட்டத்தில் இன்னொரு வரி உண்டு. தவணை தொடங்கும்வரை போடப்படுவது தனிவட்டியாக இருக்க வேண்டும். கடிதம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். வட்டி ஏன் போட்டீர்கள் என்பதை விட்டுவிட்டு, எப்படிப் போட்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்காண்டு பொறியியல் படிப்பு. 2019 முதல் 2022 வரை ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு லட்சம் கல்லூரிக்குப் போகிறது. வட்டி 10 சதவீதம், மாறாதது என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்குவது 2024 ஜூலையில். முதல் லட்சம் ஐந்தாண்டு நிற்கிறது, வட்டி 50,000. அடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. மொத்தம் 1,40,000, நிலுவை 5,40,000.

இதையே மாதாமாதம் வட்டியை அசலில் ஏற்றி, அடுத்த மாதம் அதற்கும் வட்டி போட்டால்? வட்டி மட்டும் ஏறக்குறைய 1,70,300 ஆகிவிடும். வித்தியாசம் 30,300 ரூபாய். பத்தாண்டுத் தவணையில் அது மாதம் 400 ரூபாயாக ஒட்டிக்கொண்டு, முடிவில் 48,000 ரூபாயை வாங்கிக்கொள்ளும்.

யாரும் திட்டமிட்டு ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. மற்றக் கடன்களுக்கு மாதாந்தரக் கூட்டல்தான் வழக்கம். கல்விக் கடனையும் கணினியில் அதே வகையில் திறந்துவிட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

கண்டுபிடிக்கக் கணக்குப் புலியாக இருக்க வேண்டாம். முதல் நாளிலிருந்து முழு ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். கடைசிக் கட்டணம் போன பிறகு, தவணை தொடங்கும்வரை உள்ள மாதங்களின் வட்டிப் பதிவுகளை மட்டும் பாருங்கள். மேலே சொன்ன கடனில் அந்த இரண்டு ஆண்டும் மாதம் 3,333 ரூபாயை ஒட்டியே வட்டி இருக்க வேண்டும். பிப்ரவரியில் சற்றுக் குறையும், 31 நாள் மாதத்தில் சற்றுக் கூடும். மாறாக, 3,894இல் தொடங்கி மாதாமாதம் ஏறி 4,713 வரை போனால் அது வட்டிக்கு வட்டி. ஒரு எச்சரிக்கை: வட்டி விகிதமே இடையில் மாறியிருந்தாலும் தொகை மாறும். ஆனால் அது ஒரு மாதத்தில் சட்டென்று குதித்து அங்கேயே நிற்கும். ஒவ்வொரு மாதமும் ஊர்ந்து ஏறாது.

கோபத்தைக் குறைத்துக் கணக்கைக் கூட்டிய கடிதம் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு, என் கல்விக் கடன் ஒப்புதல் கடிதத்தில், தவணை தொடங்கும்வரை தனிவட்டி என்று உள்ளது. ஆனால் 2022 ஜூலைக்குப் பிறகு புதிதாகக் கடன் தொகை எதுவும் விடுவிக்கப்படாத நிலையிலும் மாத வட்டி தொடர்ந்து உயர்ந்துள்ளது. ஒவ்வொரு மாதமும் எந்தத் தொகைக்கு, எந்த விகிதத்தில் வட்டி கணக்கிடப்பட்டது என்ற விவரத்தைத் தரவும். கூடுதல் வட்டியை அந்தந்தத் தேதியிட்டுத் திரும்ப வரவு வைத்து, தவணையை மாற்றி அமைக்கவும்.”

அந்தந்தத் தேதியிட்டு என்பதை விட்டுவிடக் கூடாது. இன்றைய தேதியில் 30,000 வரவு வைத்தால், இடையில் அதற்கு ஏறிய வட்டி அப்படியே நிற்கும்.

எழுதும் முன் ஒப்புதல் கடிதத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. வங்கிகள் சங்கத்தின் திட்டம் ஒரு மாதிரிதான். வங்கி அல்லாத நிதி நிறுவனங்களில் படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்வதும் உண்டு. தனிவட்டி என்ற சொல்லே உங்கள் ஆவணத்தில் இல்லையென்றால் வாதம் பலவீனமாகிவிடும். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, மத்திய அரசின் வட்டி மானியத்துக்குத் தாசில்தார் சான்று கொடுத்திருந்தால், அந்த மானியம் வரவாகியிருக்கிறதா என்பதையும் இதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

கடிதத்தைக் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். வட்டி விகிதம் அதிகம் என்ற புகார் அங்கே எடுபடாது, அது வங்கியின் வணிக முடிவு. ஒப்புக்கொண்டபடி கணக்குப் போடவில்லை என்ற புகாரை அவர் விசாரிப்பார்.