மடிப்புக் கோடு எங்கே விழும்?

டிரையல் ஷூட் முடிந்ததும் பிடித்த படங்களைக் குறித்து அனுப்பும் ஜோடிக்கு, போட்டோகிராபரின் பதில் சில சமயம் சப்பென்று இருக்கும். "படம் சூப்பர், ஆனா ஆல்பத்துக்கு ஒத்துவராது" என்பார். குறை அழகில் இல்லை, அளவில்.

நம் ஊரில் பரவலாகப் போடும் கல்யாண ஆல்பம், விரித்தால் 12-க்கு 36 அங்குலம். கேமரா எடுக்கும் படமோ பொதுவாக 3-க்கு 2 என்ற விகிதம். அதை 36 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் 24 வந்துவிடும். பாதியை வெட்டித்தான் ஆக வேண்டும்.

இப்படி ஒரு பதிலைப் பாருங்கள்: "தம்பி, கோயில் மண்டபத்துல நெருங்கி நிக்கிற படத்தை முழு விரிப்புல போட்டா, ஒண்ணு கால் போகும், இல்ல தலை போகும். மடிப்புக் கோடும் சரியா தங்கச்சி முகத்துல விழும். அதை ஒரு பக்கத்துல தனியா வைக்கலாம். தூண் வரிசையில ரெண்டு பேரும் சின்னதா, வலது ஓரமா நடந்து வர்ற படம்தான் விரிப்புக்கு. இடது பக்கம் காலியா இருக்கு, அங்க ரெண்டு குளோசப் உட்காரும்."

நீங்கள் ஒதுக்கிய படம் அதுவாகத்தான் இருக்கும்! குளோசப்பிலும் ஒரு நிபந்தனை உண்டு. உச்சிவெயிலில் எடுத்ததையும் மாலை மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்ததையும் ஒரே விரிப்பில் சேர்த்தால், ஒரே முகம் இரண்டு நிறமாகத் தெரியும். கலர் கரெக்‌ஷன் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும்.

போனிலேயே 3-க்கு 1 என்று கிராப் செய்து, நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்துப் பார்த்துவிட்டுப் படங்களைக் குறித்து அனுப்புங்கள்.