கடைக்குட்டிக்குப் பரிசு வாங்கும்போது

பொம்மைக் கடையில் அட்டைப்பெட்டியின் மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகம், பக்கத்தில் '0-3' என்ற எண், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மூன்று வயது நிரம்பாத குழந்தையின் கையில் இந்தப் பொருளைக் கொடுக்கக் கூடாது என்பது அதன் பொருள். இதைப் பலர் அறிவு வளர்ச்சி பற்றிய குறிப்பாக எடுத்துக்கொண்டு, "எங்க பிள்ளை கெட்டிக்காரன், விளையாடிடுவான்" என்று வாங்கிவிடுகிறார்கள். குழந்தையின் கெட்டிக்காரத்தனத்துக்கும் இந்தக் குறிக்கும் சம்பந்தமே இல்லை. கைக்குக் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்க்கும் வயது அது. கடைவாய்ப் பற்கள் முழுதாக முளைத்திருக்காது, மூச்சுக்குழாயும் குறுகல். உள்ளே போய் அடைத்ததை இருமி வெளியே தள்ளும் பலமும் குறைவு.

எது சிறிய பாகம் என்று முடிவுசெய்ய ஆய்வகங்களில் ஓர் உருளை இருக்கிறது. அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடித்தளம் சரிவாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25 மில்லிமீட்டரும் மறுபக்கம் 57 மில்லிமீட்டருமாக இருக்கும். அழுத்தாமல் போட்டதும் முழுதாக உள்ளே அடங்கிவிடும் எந்தப் பொருளும் சிறு பாகம்தான். பொம்மையை அப்படியே போட்டுப் பார்ப்பதோடு சோதனை முடிவதில்லை. கீழே போட்டு, இழுத்து, முறுக்கிய பிறகு கழன்று விழும் துண்டுகளையும் போட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் கெட்டி அட்டையை 4 சென்டிமீட்டர் விட்டத்தில் சுருட்டி ஒட்டினால் இதற்கு மாற்றாக உதவும். விட்டம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் சந்தேகத்துக்குரியவையும் பிடிபட்டுவிடும்.

பந்துக்கு மட்டும் இந்த அளவு போதாது. உருண்டையானது தொண்டையில் இடைவெளியே இல்லாமல் அடைத்துக்கொள்ளும். அதனால் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பந்தின் விட்டம் 44.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மேசைப்பந்தாட்டப் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர். பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் அது தேறாது. கோலிக்குண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது 14 வயதுக்குட்பட்டோருக்கான எல்லாப் பொம்மைகளுக்கும் பொது. ஒன்பது வயதுப் பையனுக்கான கட்டுமானப் பெட்டியிலும் அந்த முத்திரை இருக்கும். அதை வைத்து ஒன்றரை வயதுத் தம்பிக்கும் அது ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய பிள்ளைகள் உள்ள வீட்டில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். கடைக்குட்டிக்கு வாங்கும் பரிசை எல்லோரும் கவனமாகப் பார்க்கிறார்கள். அன்றைக்கே அக்காவுக்கு வாங்கும் பரிசை அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை.

ஒன்றரை வயதுக் குழந்தையின் பிறந்தநாள் விருந்துக்கு மாமா வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சின்னவனுக்கு ஒரு பிளாஸ்டிக் கார், ஏழு வயது அக்காவுக்கு மணி கோக்கும் பெட்டி. காரின் சக்கரத்தைப் பிடித்து இழுத்தும் முறுக்கியும் பார்க்க வேண்டும். அச்சு ஆடினால் அந்தக் கார் வேண்டாம். ஒட்டுவில்லையாகவோ பொத்தானாகவோ கண் வைத்த கரடி பொம்மையைவிட நூலால் கண் தைத்தது நல்லது. மணிப்பெட்டியில்தான் உண்மையான ஆபத்து. நூற்றுக்கணக்கான மணிகளில் ஒன்றிரண்டு கட்டிலடியில் உருண்டால் அக்காவுக்குத் தெரியாது. தவழ்ந்து போகும் தம்பியின் கண்ணில் படும். அவளுக்கு வண்ணப் பென்சில், படக்கதைப் புத்தகம், ஸ்கிப்பிங் கயிறு என்று வாங்கிக் கொடுத்தால் அவள் மகிழ்ச்சியும் குறையாது. கட்டைகளை அடுக்கித்தான் விளையாட வேண்டும் என்றால், லெகோ நிறுவனத்தின் டூப்லோ கட்டைகள் சாதாரண லெகோவைவிட நீள, அகல, உயரத்தில் இரு மடங்கு பெரியவை. இருவரும் சேர்ந்து விளையாடலாம். மணிப்பெட்டியே வாங்கியாகிவிட்டதென்றால், இறுக்கமாக மூடும் டப்பாவும் தம்பிக்கு எட்டாத மேசையும் வேண்டும். அவன் தூங்கும் நேரத்தில் விளையாடி முடித்தபின், தரையைப் பெருக்கிவிட வேண்டும். அந்தப் பொறுப்பு பெரியவர்களுடையது. ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எந்த ஏற்பாடும் ஈடுகொடுக்காத பொருள்கள் மூன்று. பலூன் வெடித்த துண்டு மெல்லிய ரப்பர் என்பதால் தொண்டையின் வடிவத்துக்கே ஒட்டிக்கொள்கிறது. விருந்து முடிந்ததும் துண்டுகளைப் பொறுக்கிவிட வேண்டும். வலுவான சின்னக் காந்தங்கள் ஒன்றுக்கு மேல் வயிற்றுக்குள் போனால் குடல் மடிப்புகளை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். பாட்டுப் பாடும் பொம்மையிலும் மின்னும் வாழ்த்து அட்டையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சிறியது. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையை அரிக்கத் தொடங்கிவிடும். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்படாத எந்தப் பொருளும் அந்த வீட்டுக்கு வேண்டாம். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், மலத்தில் வரட்டும் என்று காத்திருக்காமல், உடனே எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.