வெயிலும் மணப்பெண்ணும்: எமோஜியால் ஆங்கிலச் சொல் படிப்பது

மக்களே, சாயா ஆறுவதற்குள் ஒரு சொல்லை மனத்தில் ஏற்றிவிடுவோம். 'வெய்ல்' என்று ஓர் ஆங்கிலச் சொல். குளச்சல், முட்டம் பக்கத்துக் கோவில்களில் கல்யாணத்தன்று மணப்பெண்ணின் தலையிலிருந்து முகத்தின் மேல் இறங்கும் மெல்லிய வெள்ளைத் துணி இருக்கிறதல்லவா, அந்த முகத்திரைக்குத்தான் அந்தப் பெயர். நோட்டில் இதற்கு ☀️👰 என்று இரண்டு படம் போடுங்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, மணப்பெண் முகத்தை மூடிக்கொள்கிறாள். முதல் படம் ஒலியைத் தருகிறது. வெயில் என்றதும் வெய்ல் நாக்கில் வந்துவிடும். இரண்டாவது படம் பொருளைத் தருகிறது.

இந்த வழிக்குப் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அட்கின்சன், ராவ் என்ற இருவர் 1975-இல் தங்கள் சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு 120 ரஷ்யச் சொற்கள் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர், ரஷ்யச் சொல்லைப் போல ஒலிப்பதாகத் தங்களுக்குத் தரப்பட்ட ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து, அதையும் பொருளையும் ஒரே காட்சியாக மனத்தில் கண்டார்கள். மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் படித்தார்கள். முடிவில் காட்சி கண்டவர்கள் நூற்றுக்கு 72 சொல் சொன்னார்கள், மற்றவர்கள் 46. அன்று மனத்தில் மட்டும் கண்ட காட்சியை, இன்று எமோஜியாகக் கண்முன் வைக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஒலி இப்படி வாய்க்காது. அப்போது பொருளை மட்டும் படமாக்க வேண்டும். இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். 'ஹார்வெஸ்ட்' என்றால் அறுவடை. உடனே 🌾 போட்டு வைப்போம். நாலு நாள் கழித்து அந்தப் படத்தைப் பார்த்தால் நெல் என்ற சொல் வரும், வயல் வரும், பயிர் வரும், ஹார்வெஸ்ட் வராது. ஒரு படத்தைப் பார்த்ததும் இரண்டு சொல் மனத்தில் எழுந்தால் அந்தப் படம் போதாது என்று பொருள். கன்னிப்பூ அறுப்பை நினைத்துப் பாருங்கள். வயலில் நின்ற கதிர் களத்துக்கு வருகிறது. 🌾➡️🧺 என்று போட்டால் நடக்கிற வேலை தெரிகிறது, சொல்லும் பிடிபடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத சொல் இன்னும் கடினம். 'ரிலக்டன்ட்' என்பதற்கு அரைமனதோடு தயங்குகிற என்று பொருள். தயக்கத்தைக் காட்ட ஒரு முகத்தைப் போட்டால் பயம், கவலை, சலிப்பு எல்லாமே அதில் தெரியும். ஆகவே முகத்தை விட்டுவிட்டு ஒரு சம்பவத்தை எடுங்கள்: 🧒🐢🦷. பல் டாக்டரிடம் போகச் சொன்னால் பையன் ஆமை மாதிரி நடக்கிறான். போக மனமில்லை, ஆனாலும் போகிறான். அந்த ஆமைதான் ரிலக்டன்ட். இது என் சம்பவம். உங்களுக்கு வேறு இருக்கும். அடுத்தவர் போட்ட படத்தை நகலெடுக்க வேண்டாம். எந்தப் படம் பொருந்தும் என்று நீங்கள் யோசிக்கிற நேரத்தில்தான் சொல் பதிகிறது.

இனி நோட்டு. போன் தேவையில்லை; பேனாவால் கிறுக்கினாலும் போதும். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து இடப்பக்கம் படம், வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் அதை வைத்து ஒரு சிறு வாக்கியமும் எழுதுங்கள். படிக்கும்போது வலப்பக்கத்தைக் கையால் மூடி, படத்தைப் பார்த்துச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி, தனித்தாளில் எழுதி, பிறகு கையை எடுத்துச் சரிபாருங்கள். இரண்டு பக்கமும் திறந்திருக்க வாசித்தால் எல்லாம் தெரிந்தது போலத்தான் தோன்றும், பரீட்சையில் வராது. படித்த அன்று இரவு ஒரு தடவை, மறுநாள், நாலாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். தவறிய சொல்லை மறுநாளுக்கே திருப்பிப் போடுங்கள்.

படம் செய்யாத வேலையும் உண்டு. அது எழுத்துக்கூட்டலைச் சொல்லித் தராது. வெய்ல் என்று வாயில் வந்தாலும் வி, ஈ, ஐ, எல் என்று கை எழுதிப் பழக வேண்டும். பெரிய என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள பல சொற்களுக்குள் எது எங்கே பொருந்தும் என்பதையும் படம் காட்டாது. அதற்குத்தான் அந்தச் சிறு வாக்கியம். சொல் தானாக நாக்குக்கு வந்த பிறகு படத்தை அடித்துவிடலாம்.

இன்று பாடத்திலிருந்து ஐந்தே சொல் எடுங்கள். ஐந்துக்கும் உங்கள் ஊரிலிருந்தே படம் தேடுங்கள். நாளைக் காலையில் கையால் மூடிப் பாருங்கள்; எந்தப் படம் வேலை செய்தது, எதை மாற்ற வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.