நாவல் எழுதுவோம் - 7: முதல் பக்கத்தில் பாட்டன் கதை எதற்கு?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் வந்து கிளை பிரிந்தால் மண்டகப்பட்டு. ஒற்றைப் பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் எடுத்த குகைக்கோயில் அங்கே இருக்கிறது. முகப்பில் இரண்டு தூண்கள், இரு ஓரங்களிலும் கதை ஊன்றிய துவாரபாலகர்கள், உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு ஒரே ஒரு சுலோகம்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்தக் கோயிலை எடுத்தான் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அப்பன் சிம்மவிஷ்ணுவின் பெயர்கூட அதில் கிடையாது.

பிற்காலப் பல்லவர்களின் செப்பேடுகளைப் பாருங்கள். நந்திவர்ம பல்லவமல்லனின் காசாக்குடிச் செப்பேடு பிரம்மாவில் தொடங்கி, பிருகஸ்பதி, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் என்று இறங்கி, பிறகு வரிசையாக அரசர்களைச் சொல்லி, கடைசியில்தான் எந்த ஊர் யாருக்குத் தானம் என்ற விஷயத்துக்கு வருகிறது. தானப் பத்திரத்துக்கு அது நியாயம். கொடுப்பவனின் தகுதியை அது நிலைநாட்ட வேண்டும். நாவலின் முதல் பக்கத்துக்கு அந்தக் கடமை இல்லை. ஆனால் புதிதாக எழுத வருபவர்களின் சரித்திர நாவல்கள் பெரும்பாலும் செப்பேடு மாதிரியே ஆரம்பிக்கின்றன.

மண்டகப்பட்டையே களமாக வைத்து ஒரு நாவல் தொடங்குவோம். நாயகன் சாத்தன், கோயில்களை மரத்தில் கட்டிவந்த தச்சர் குடும்பத்துப் பிள்ளை. செப்பேட்டுப் பாணியில் எழுதினால் முதல் பக்கம் இப்படிப் போகும்: முதல் பத்தியில் பல்லவ நாட்டின் எல்லைகளும் காஞ்சியின் சிறப்பும். இரண்டாவதில் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்த அரசன். மூன்றாவதில் சாத்தனின் தகப்பன் கட்டிய மரக்கோயில் தீப்பிடித்து எரிந்த கதை. நான்காவதில் தாயின் சாவு. ஐந்தாவதில்தான் சாத்தன் உளியோடு பாறை முன்னால் வந்து நிற்கிறான். தகவல் எதிலும் பிழை இல்லை. ஆனால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கத் தமிழில் சுலபமான வழி உண்டு. வினைமுற்றுகளைக் கவனியுங்கள். 'கட்டியிருந்தார்', 'எரிந்துபோயிருந்தது', 'இறந்திருந்தாள்' என்று 'இருந்து' ஒட்டிய வினைகள் அடுத்தடுத்து வந்தால், கதை பின்னால் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். 'பல ஆண்டுகளுக்கு முன்பு' என்ற தொடர் தலைகாட்டினால் சந்தேகமே வேண்டாம். அந்த வினைகள் ஓய்ந்து 'வந்தான்', 'தட்டினான்' என்று நேர் இறந்தகாலம் எங்கே நிலைபெறுகிறதோ, பெரும்பாலும் அதற்கு அருகில்தான் உங்கள் நாவல் உண்மையில் தொடங்குகிறது.

அருகில் என்றேன். அந்த இடம்தானா என்று உறுதிசெய்ய ஒரு கேள்வி போதும். எது நடந்த பிறகு சாத்தன் நேற்றைய நாளுக்குத் திரும்ப முடியாது? உளி பிடித்ததாலா? பிடிக்காமல் போய்விடலாமே. மரவேலையில் ஒரு பலகை கெட்டால் வேறு பலகை போடலாம். குடைவரையில் அது நடக்காது. வெட்டியது வெட்டியதுதான், கல்லைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. ஆகவே துவாரபாலகன் நிற்கவேண்டிய இடத்தில் பாறையில் கீறல் தெரிகிறதே, அதுதான் முதல் நிகழ்ச்சி. நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

மூன்றாவது அடியில் சத்தம் மாறியது. சாத்தன் உளியை எடுத்துவிட்டு அதே இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டினான். கணீரென்று வரவேண்டிய ஒலி மொத்தென்று வந்தது. விரலை நனைத்துத் தடவினான். ஈரம் மயிரிழைபோல ஒரு கோட்டில் தங்கி, வாயில் காவலனின் தோளுக்கென்று காவியில் வரைந்த வளைவுவரை ஓடியது.

'சுதை வைத்து அடைத்துவிடலாமா, ஐயா?'

பெருந்தச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'சுதை கூடாது. மரமும் கூடாது. அரசர் சொன்னது உன் காதில் விழவில்லையா? அது சரி, மரம் இழைக்கிற வீட்டுப் பிள்ளை.'

கல்வெட்டில் இருக்கும் அந்த நான்கு இல்லாமைகளில் இரண்டு இங்கே வந்துவிட்டன. ஆனால் வரலாற்றுப் பாடமாக வரவில்லை, சாத்தனின் கையைக் கட்டும் தடையாக வந்தன. அவன் குடும்பத் தொழிலும் ஒரு குத்தல் வார்த்தையில் வந்துவிட்டது. எரிந்த கோயிலை இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டிய நேரம், மரத்தின்மேல் அரசனுக்கு ஏன் இந்த வெறுப்பு என்று வாசகர் கேட்கும்போது. அநேகமாக மூன்றாம் அத்தியாயம். தாயின் சாவு எங்குமே தேவைப்படாமல் போகலாம். அப்படியானால் அது எழுதியவருக்குத் தேவைப்பட்ட தகவல், அவருடைய நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கட்டும்.

வெட்டிய பின்கதை வேறு வாசல் வழியாக உள்ளே நுழையும், அதில் எச்சரிக்கை வேண்டும். மிகவும் சகஜமானது உரையாடல். 'உனக்குத்தான் தெரியுமே, நம் தகப்பனார் பத்து வருஷத்துக்கு முன்னால்...' என்று அண்ணன் தம்பியிடம் சொன்னால், இருவருக்கும் தெரிந்ததை எதற்குப் பேசுகிறார்கள் என்று வாசகர் உடனே கண்டுகொள்வார். சண்டையில் சொன்னால் அதே தகவல் இயல்பாக இருக்கும். மற்றொன்று, முதல் அத்தியாயத்தில் ஒரு கொலையை வைத்துவிட்டு இரண்டாவதில் 'இருபது ஆண்டுகள் பின்னோக்கி' என்று போவது. இதில் எதுவும் வெட்டப்படவில்லை. செப்பேடு ஒரு அத்தியாயம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நிகழ்ச்சிக்கு மிக நெருங்கியும் தொடங்கக்கூடாது. இதே மகேந்திரவர்மன் காலத்தைக் கல்கி எழுதியிருக்கிறார். 1944இல் தொடராக வரத் தொடங்கிய 'சிவகாமியின் சபதம்' பல்லவர் வரலாற்றோடு தொடங்கவில்லை. காஞ்சியை நோக்கி நடந்துவரும் ஒரு புத்த பிக்ஷுவோடும் படிக்க வரும் பரஞ்சோதி என்ற இளைஞனோடும் தொடங்குகிறது. மதம் பிடித்த யானைமேல் அவன் வேலெறிவது சற்றுத் தள்ளித்தான். முதல் வரியிலேயே வேல் பறந்திருந்தால், எறிந்தவன் யார் என்பதில் நமக்கு அக்கறை இருக்காது. நடந்துவரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் நாட்டுப்புறத்து வெகுளி என்பது தெரிந்துவிடுகிறது. புலிகேசியின் படையெடுப்பும் நகருக்குள் பரவும் பரபரப்பாகவும், அரங்கேற்றம் பாதியில் நின்றுபோவதாகவும்தான் முதலில் நம்மிடம் வருகிறது. காரணம் பிறகு தெரிகிறது. மகேந்திரன் யார் என்ற நீண்ட விளக்கங்களும் கல்கியிடம் உண்டு. அவற்றை நாம் கேட்கும் நிலைக்கு வந்தபிறகு தருகிறார் (சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே தருகிறார் என்பது என் அபிப்பிராயம்).

சாத்தன் கதையிலும் அந்த மூன்று அடிகளுக்கு முன்னால் நாலைந்து வரி சேர்க்கலாம். காலை வெயில், காவிக்கோடு, கல்லில் அவன் கை இன்னும் பழகாதது. அதற்குமேல் வேண்டாம்.

கைப்பிரதி வைத்திருப்பவர்கள் இந்த வாரம் முதல் மூன்று பக்கங்களை எடுத்து, 'இருந்து' ஒட்டிய வினைகள் அத்தனையையும் பென்சிலால் அடிக்கோடிட்டு வையுங்கள். கோடு விழுந்த வரிகளில் எதை எந்த அத்தியாயத்துக்கு அனுப்புவது, எதைத் தூக்கிப் போடுவது என்று அடுத்த இதழில் பார்ப்போம்.