தையல் பிரித்த பிறகும் தூக்கக் கூடாது: பித்தப்பை அறுவைக்குப் பின் ஒரு விடுப்புக் கடிதம்

பித்தப்பையை எடுத்துவிட்டு வீட்டில் படுத்திருப்பவர் முதலாளிக்கு எழுதும் கடிதத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு தேதிதான் இருக்கும். இன்ன நாள் வரை லீவு, அவ்வளவுதான். அந்தக் கடிதத்தில் இரண்டு தேதிகள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலைக்குத் திரும்பும் தேதி ஒன்று. முழு வேலையையும் செய்யத் தொடங்கும் தேதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் சுமார் ஒரு மாதம் இருக்கிறது. சிக்கல்கள் பலவும் அந்த ஒரு மாதத்தில்தான் வருகின்றன.

காரணம் ஆபரேஷன் நடக்கும் விதத்தில் இருக்கிறது. இன்று பெரும்பாலான பித்தப்பை அறுவைகள் லேப்ராஸ்கோப்பி முறையில் நடக்கின்றன. வயிற்றில் நான்கு சிறு துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, கேமராவில் பார்த்தபடி பையை வெட்டி எடுக்கிறார்கள். பெரும்பாலும் தொப்புள் பக்கத் துளை வழியாகவோ மேல் வயிற்றுத் துளை வழியாகவோ அது வெளியே வரும். இந்தியாவில் இதை முதலில் செய்தவர் மும்பை டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா, 1990இல். அதற்கு முன் விலா எலும்புக்குக் கீழே நீளமாகக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு மாதம் படுக்கை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்தக் கால அனுபவம். ‘அடுத்த வாரமே வந்துடலாமே’ என்று மேலாளர் சொல்வது லேப்ராஸ்கோப்பியைக் கேள்விப்பட்டதால் வருவது. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

தோல் சீக்கிரம் ஆறிவிடும். ஏழு முதல் பத்து நாளில் தையல் பிரித்துவிடுவார்கள். தோலுக்கு அடியில் வயிற்றுச் சுவரைப் பிடித்து நிற்கும் கெட்டியான சவ்வு ஒன்று இருக்கிறது. பெரிய துளை போட்ட இடத்தில் அந்தச் சவ்வையும் தைத்திருப்பார்கள். அது முன்போல் இழுவை தாங்க வாரக்கணக்கில் ஆகும். வெளியே காயமே தெரியாத நேரத்தில் கனமான ஒன்றை மூச்சடக்கித் தூக்கினால் உள்ளிருந்து வரும் அழுத்தம் அந்தத் தையலில் விழும். அது விட்டுப்போனால் குடல் பிதுங்கி ஹெர்னியா வரும், இன்னோர் ஆபரேஷன் தேவைப்படும். அதனால்தான் மேசை வேலைக்கு ஒன்று முதல் இரண்டு வாரம், பளு தூக்கும் வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம் என்று மருத்துவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். கிழித்துச் செய்த ஆபரேஷன் என்றால் ஆறு முதல் எட்டு வாரம்.

இந்தக் கணக்கு எப்படிக் கடிதமாகிறது என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர் ஒருவர். அவருடைய நாளில் பாதி வரவு செலவு பதிவு, டெலிவரி சலான், கம்ப்யூட்டர் என்ட்ரி. மீதிப் பாதி லாரியில் வரும் துணி ரோல்களை இறக்கி அடுக்குவது. ரோல் ஒன்று இருபது கிலோவுக்குக் குறையாது. ஜூன் 7 ஞாயிறு இரவு வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி, வாந்தி. மறுநாள் அட்மிட் ஆகிறார். ஸ்கேனில் பித்தப்பைக் கல், வீக்கம். 9ஆம் தேதி லேப்ராஸ்கோப்பி, 11ஆம் தேதி டிஸ்சார்ஜ். கம்பெனிக்கு அன்றைக்கே அவர் தம்பி வாட்ஸ்அப்பில் தகவல் சொல்லிவிட்டார். அது போதாது, எழுத்தில் வேண்டும் என்கிறது ஹெச்.ஆர். 12ஆம் தேதி அவர் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

*பெறுநர்: மேலாளர், மனிதவளப் பிரிவு*

*பொருள்: பித்தப்பை அறுவை சிகிச்சை – மருத்துவ விடுப்பும் தற்காலிக இலகு பணியும் கோருதல்*

*மதிப்பிற்குரிய ஐயா,*

*நான் நம் நிறுவனத்தின் ஸ்டோர் பிரிவில் பணிபுரிகிறேன். கடந்த 8ஆம் தேதி அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 9ஆம் தேதி எனக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பை அகற்றப்பட்டது. 11ஆம் தேதி வீடு திரும்பினேன்.*

*மருத்துவரின் அறிவுரைப்படி ஜூன் 8 முதல் 21 வரை எனக்கு மருத்துவ விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 19ஆம் தேதி தையல் பிரித்துப் பரிசோதிப்பதாக மருத்துவர் கூறியுள்ளார். அவர் அனுமதித்தால் ஜூன் 22 திங்கள் முதல் பணிக்கு வருவேன்.*

*ஜூன் 22 முதல் ஜூலை 19 வரை 5 கிலோவுக்கு மேல் தூக்கவோ இழுக்கவோ கூடாது என்று மருத்துவர் எழுதியுள்ளார். அந்த நாட்களில் பதிவேடு, சலான், கம்ப்யூட்டர் வேலைகள் அனைத்தையும் நானே பார்த்துக்கொள்வேன். ரோல் இறக்குவதற்கும் அடுக்குவதற்கும் மட்டும் உதவியாள் ஒருவரை அனுப்பித் தருமாறு வேண்டுகிறேன். ஜூலை 18 அன்று மறு பரிசோதனை உள்ளது. அதன்பின் ஜூலை 20 முதல் வழக்கமான முழுப் பணியையும் செய்ய முடியும் என்று எதிர்பார்க்கிறேன்.*

*பரிசோதனையில் தேதிகள் ஏதும் மாறினால் அன்றே தங்களுக்குத் தெரிவிப்பேன். நான் இல்லாத நாட்களில் ஸ்டோர் சாவியும் இருப்புப் பதிவேடும் என் உதவியாளரிடம் உள்ளன. சந்தேகம் இருந்தால் மாலை வேளையில் தொலைபேசியில் அழைக்கலாம். மருத்துவச் சான்றிதழை இணைத்துள்ளேன்.*

*இப்படிக்கு,*
*(கையொப்பம், பணியாளர் எண், தேதி)*

இந்தக் கடிதத்தில் கனிவான வார்த்தைகளைவிட அதிகம் வேலை செய்வது அந்த 5 கிலோ என்ற எண். ‘கனமான வேலை வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால், எது கனம் என்பதை ஷிப்டில் நிற்கும் சூப்பர்வைசர்தான் முடிவு செய்வார். லாரி வந்து நிற்கும்போது ‘ஒரே ஒரு ரோல்தானே, ஒரு கை பிடிங்கண்ணே’ என்பார். மறுக்க நமக்கும் சங்கடமாக இருக்கும். எண் எழுத்தில் இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம், ‘என் வேலையில் இருபது கிலோ தூக்கணும் சார், எத்தனை நாளைக்குக் கூடாது, எத்தனை கிலோவுக்கு மேல் கூடாது?’ என்று கேட்டுச் சான்றிதழிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். நாம் சொல்லாவிட்டால் நம் வேலை என்ன என்று அவருக்குத் தெரியாது. பொதுவாக ‘இரண்டு வாரம் ஓய்வு’ என்று எழுதிவிடுவார்.

தேதிகளைக் குறைத்து எழுதும் ஆசையை விட்டுவிட வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஐந்து நாள் லீவு கேட்பவர்கள் உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் தங்கிய வாயுவால் தோள்பட்டை வலிக்கும். அது அடங்கிய பிறகும், மயக்க மருந்தும் அறுவையும் சேர்ந்து தரும் அசதி ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கலாம். ஐந்தாம் நாள் மெஷின் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்க முடியாமல் திரும்பி வந்து, மறுபடி மூன்று நாள், அதற்கு மேல் நான்கு நாள் என்று கேட்டால், ஷிப்ட் போடுகிறவருக்கு எந்தத் தேதியையும் நம்ப முடியாமல் போகும். முதலிலேயே பதினான்கு நாள் கேட்டு, சொன்ன நாளில் வந்து நிற்பது இருவருக்கும் நல்லது.

சம்பளம் என்னாகும்? இந்த ஸ்டோர் கீப்பரின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் அவர் ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோய்க்கால உதவித்தொகையாகச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். சராசரி 600 ரூபாய் என்றால் நாளுக்கு 420. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஆண்டுக்கு 91 நாள் வரை இந்தத் தொகை உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டவர், அந்தத் தாள்களோடு தன் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் அங்குள்ள மருத்துவரிடம் சான்றிதழ் பெறுவதுதான் சிக்கல் இல்லாத வழி. கடிதத்தில் எழுதிய தேதிகளும் அந்தச் சான்றிதழின் தேதிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் அவர் வேலைக்கு வந்தாரா இல்லையா என்று ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் கம்பெனியிடம் கேட்கலாம். ‘அரை நாள் வந்து ஸ்டாக் மட்டும் பார்த்துட்டுப் போங்க’ என்ற அழைப்பை ஏற்று அன்றைக்குக் கூலியும் வாங்கினால், அந்த நாளின் உதவித்தொகை போய்விடும்.

ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே, கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு தருகிறது. பதினான்கு நாள் தேவை என்றால் மிச்ச இரண்டு நாளைத் தற்செயல் விடுப்பில் கழிக்குமாறு கடிதத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம்.

எதை இணைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். விடுப்புக்குச் சிகிச்சையளித்த மருத்துவரின் சான்றிதழ் போதும். டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் இருக்கும். அது ஆபீஸில் பல கைகளுக்குப் போக வேண்டியதில்லை. காப்பீட்டுக்காகக் கேட்டால் சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் தனியாகக் கொடுக்கலாம்.

பித்தப்பை இல்லாமல் போனதும் பித்தநீர் சேமித்து வைக்கப்படாமல் நேராகக் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்கு முதல் சில வாரங்கள், எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரும். கழிவறை தூரமாக இருக்கும் குடோனிலோ, இடத்தை விட்டு நகர முடியாத லைனிலோ வேலை என்றால், இடையில் எழுந்து போக அனுமதி வேண்டும் என்று மேலாளரிடம் வாயால் சொல்லிவைப்பது போதும். கடிதத்தில் எழுத வேண்டாம்.

‘தேதிகள் மாறினால் தெரிவிப்பேன்’ என்ற வரியை அலங்காரமாக நினைத்துவிடக் கூடாது. காய்ச்சல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, கண்ணில் மஞ்சள், அடர்ந்த நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், துளையிலிருந்து நீர் வடிதல் இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பித்தநீர் உள்ளே கசியலாம், அல்லது குழாயில் ஒரு கல் தங்கியிருக்கலாம். அப்படியானால் பழைய கால அட்டவணை செல்லாது. புதிய கடிதம் மூன்று வரியில் முடியும்: ‘ஜூன் 12ஆம் தேதியிட்ட என் கடிதத்தின் தொடர்ச்சியாக, காய்ச்சல் காரணமாக 17ஆம் தேதி மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன். விடுப்பை ஜூன் 28 வரை நீட்டிக்க வேண்டுகிறேன். பணிக்குத் திரும்பும் தேதியை 26ஆம் தேதி பரிசோதனைக்குப் பின் உறுதி செய்கிறேன்.’ முதல் விடுப்பு முடியும் முன்பே இது கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பணிக்குத் திரும்பும் நாளில் கையில் இருக்க வேண்டியது உடல்தகுதிச் சான்றிதழ். அதில் வெறுமனே ‘ஃபிட்’ என்று எழுதி வாங்கினால் ஜூன் 22 அன்றே ரோல் தூக்கச் சொல்லும் உரிமை கம்பெனிக்கு வந்துவிடும். ‘ஜூலை 19 வரை இலகு பணிக்கு மட்டும் தகுதி’ என்று எழுதி வாங்கி, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். முழுத் தகுதிச் சான்றிதழ் ஜூலை 18 பரிசோதனைக்குப் பிறகு தனியாக வரும்.