கைமாறிப் போகும் பதிவு

வேலை தேடுகிறவர் "எங்காவது இடம் இருந்தால் சொல்லுங்கள்" என்று தெரிந்தவர்களிடம் கேட்டு, லிங்க்ட்இன் தளத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ எழுதும் சிறு குறிப்புதான் வேலை கேட்கும் பதிவு. அது விண்ணப்பத்திலிருந்து ஒரு முக்கியமான விஷயத்தில் வேறுபடுகிறது. விண்ணப்பத்தைப் படிப்பவர் ஆளெடுப்பவர். பதிவைப் படிப்பவரோ பெரும்பாலும் யாருக்கும் வேலை கொடுக்கும் இடத்தில் இல்லாத ஒருவர். முன்பு கூட வேலை பார்த்தவர், கல்லூரியில் இரண்டு வருடம் மூத்தவர், ஒரே ஆடிட்டரிடம் போய்வந்த பழக்கத்தில் அறிமுகமானவர் என்று யாராகவும் இருக்கலாம். தாம் அறிந்த ஒரு காலியிடம் நினைவுக்கு வந்தால், அந்தப் பதிவை அங்கே தள்ளிவிடுவதுதான் அவரால் முடிந்த உதவி.

இப்படி அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் வேலைச் செய்தியை அதிகம் கொண்டுவருகிறார்கள் என்பதை அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், அறிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்த மனிதரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்ற எல்லோருக்கும் எப்போதாவதோ மிக அரிதாகவோ பார்க்கிறவர் வழியாகவே செய்தி வந்திருந்தது. காரணம் எளிது. வீட்டாருக்கும் நெருங்கிய நண்பருக்கும் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் வேலை தேடுகிறவருக்கே தெரிந்திருக்கும். வேறு வட்டத்தில் புழங்குகிறவரிடம்தான் புதிய செய்தி இருக்கும். லிங்க்ட்இன் பயனர்கள் சுமார் 2 கோடி பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2022இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. அதுவும் இதையே சொன்னது, ஒரு திருத்தத்தோடு: முற்றிலும் ஒட்டாத தொடர்பைவிட, ஓரளவு ஒட்டிய தொடர்பே அதிகம் பயன்பட்டது.

பதிவின் அமைப்பைத் தீர்மானிக்க வேண்டியது இந்த உண்மைதான். நெருங்கிய நண்பருக்கு வேலை தேடுகிறவரின் திறமையும் குடும்ப நிலையும் தெரியும். அரைகுறையாகத் தெரிந்தவருக்கு அவரது பெயரும் முகமும்தான் நினைவிருக்கும். மீதியைப் பதிவுதான் சொல்ல வேண்டும்.

"நல்ல வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எந்த வேலையானாலும் சரி, எந்த ஊரானாலும் சரி. தெரிந்தவர்கள் உதவுங்கள்" என்று எழுதப்படும் பதிவுகள் ஏராளம். கையில் வேலை இல்லாதபோது கதவுகளையெல்லாம் திறந்து வைக்கத் தோன்றுவது இயல்பு. படிப்பவரிடம் அது எதிர்மாறாக வேலை செய்கிறது. காலியிடங்கள் அவர் மனதில் பட்டியலாக இருப்பதில்லை. "நம்ம கம்பெனி அக்கவுண்டன்ட் போன மாசம் நின்னுட்டாரே" என்பதுபோல ஒவ்வொன்றும் ஒரு மேசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அக்கவுண்டன்ட்' என்ற சொல் கண்ணில் பட்டால் அந்த மேசை நினைவுக்கு வரும். 'எந்த வேலையும்' என்ற சொல்லுக்கு எந்த மேசையும் வராது. பரிதாபப்படுவார், ஒரு ஆறுதல் குறி போடுவார், நகர்ந்துவிடுவார்.

ஒரு உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 6 வருடம் கணக்கு பார்த்த பெண். திருமணமாகி வீடு கோவை சரவணம்பட்டிக்கு மாறிவிட்டது. ஒரு பக்கத்துக்கே சுமார் 50 கிலோமீட்டர் என்று தினமும் போய்வர முடியாமல் கோவையில் வேலை தேடுகிறார்.

முதலில் வேலையின் பெயர். 'கணக்கு வேலை' என்பதற்குள் குறைந்தது நான்கு படிகள் இருக்கின்றன. பில்லும் வவுச்சரும் டேலியில் ஏற்றுகிறவர் ஒருவர். ஜிஎஸ்டி, டிடிஎஸ் ரிட்டர்ன்களைத் தாமே தாக்கல் செய்கிறவர் அடுத்தவர். வருடக் கணக்கை இருப்புநிலைக் குறிப்பு வரை முடித்து ஆடிட்டர் கையில் கொடுக்கிறவர் மூன்றாமவர். இந்த மூவரையும் மேற்பார்க்கும் மேலாளர் நான்காமவர். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஆள் கேட்கிறவர்கள் "ஃபைனலைசேஷன் வரைக்கும் பண்ணுவாங்களா?" என்று கேட்பது இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே கோடு போடத்தான். அந்தப் பெண் இரண்டாம் படியில் உறுதியாக நிற்கிறார்; மூன்றாம் படியில் ஆடிட்டருக்குத் துணையாக இருந்திருக்கிறார். இதை அப்படியே எழுதிவிடுவதுதான் நல்லது. இல்லாததைச் சொன்னால், நேர்காணலின் முதல் பத்து நிமிடத்திலேயே அது தெரிந்துவிடும். பரிந்துரைத்தவரின் பெயரும் சேர்ந்து கெடும்.

அடுத்தது திறன். இங்கே பெரும்பாலோர் "கடின உழைப்பாளி, எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்று எழுதிவிடுகிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவரால் அதைச் சோதிக்கவும் முடியாது, மற்றவரிடம் எடுத்துச் சொல்லவும் முடியாது. திறன் என்று எழுத வேண்டியது, மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்து தனியாகச் செய்யக்கூடிய வேலையை. பனியன் தொழிலில் துணி சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் தையலுக்கும் வெளியே போய்த் திரும்பும். ஒவ்வொரு முறையும் டிசி போட்டு, போன எடையையும் வந்த எடையையும் ஒப்பிட்டுக் கணக்கு வைக்க வேண்டும். ஏற்றுமதியில் கட்டிய வரியைத் திரும்பப் பெற ரீஃபண்ட் விண்ணப்பம் போட வேண்டும். இவற்றை 6 வருடம் கையாண்டவர் என்ற ஒரே வரி, பத்துப் பாராட்டுச் சொற்களைவிட அதிகம் பேசும். வேலைக்கு வெளியே பொருள் அனுப்பி வாங்கும் இன்ஜினியரிங் பட்டறைக்காரருக்கும் அந்த டிசி கணக்கு தேவைப்படுவதால், திறனைத் துல்லியமாகச் சொன்னதாலேயே இன்னொரு துறையின் கதவும் திறக்கிறது.

மூன்றாவது இடம். 'கோவை' என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். பொள்ளாச்சி ரோட்டில் மலுமிச்சம்பட்டி சிட்கோவில் இருக்கும் தொழிற்சாலையும் கோவைதான், சத்தி ரோட்டில் கணபதியில் இருப்பதும் கோவைதான். சரவணம்பட்டியில் குடியிருப்பவருக்குக் கணபதி ஒரே பேருந்து. மலுமிச்சம்பட்டிக்கு நகரத்தை முழுதும் கடந்து மறுபக்கம் போக வேண்டும். வேலை கொடுப்பவரும் இதைத்தான் கணக்குப் போடுகிறார்: தூரம் தாங்காமல் மூன்றே மாதத்தில் நின்றுவிடுவாரோ என்பது அவருடைய கவலை. அதனால் ஊரின் பெயரோடு சாலை அல்லது பகுதியின் பெயரையும், தற்போது குடியிருக்கும் இடத்தையும் சேர்த்து எழுதினால் இரு பக்கமும் நேரம் மிஞ்சும்.

இந்த மூன்றும் சேர்ந்தால் பதிவு ஏறக்குறைய இப்படி வரும்:

"கோவையில் சத்தி ரோடு அல்லது அவிநாசி ரோடு பக்கம் அக்கவுண்டன்ட் வேலை தேடுகிறேன். பி.காம்., திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் 6 வருட அனுபவம். டேலி பிரைம், மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், ஜாப் ஒர்க் டிசி கணக்கு, ஏற்றுமதி ரீஃபண்ட் ஆகியவற்றைத் தனியாகப் பார்ப்பேன். ஃபைனலைசேஷனில் ஆடிட்டருக்குத் துணையாக இருந்திருக்கிறேன். குடியிருப்பது சரவணம்பட்டி. சேர 30 நாள் ஆகும். டெக்ஸ்டைல் அல்லது இன்ஜினியரிங் கம்பெனிகளில் இடம் இருப்பது தெரிந்தால் தகவல் கொடுங்கள், ரெஸ்யூமே அனுப்புகிறேன்."

இதில் முதல் வரிக்குத்தான் அதிகக் கவனம் தேவை. லிங்க்ட்இன் பதிவின் முதல் இரண்டு மூன்று வரிகளை மட்டும் காட்டிவிட்டு, மீதியை மடித்து வைத்துவிடும். "கனத்த மனதோடு இதை எழுதுகிறேன்" என்று தொடங்கினால், வேலையின் பெயர் மடிப்புக்குள் போய்விடும். வாட்ஸ்அப்பில் வேறொரு சிக்கல். பதிவு கைமாறிப் போகும்போது எழுதியவரின் பெயர் கூடவே போகாது. ஆகவே பெயரும் தொடர்புக்கு ஒரு வழியும் பதிவுக்குள்ளேயே இருக்க வேண்டும், எழுதிய தேதியும் வேண்டும். தேதி இல்லாத பதிவு ஆறு மாதம் கழித்தும் குழுக்களில் சுற்றும். தொடர்புக்கு வழக்கமான கைப்பேசி எண்ணைவிட, வேலைக்கென்றே தனியாக வைத்த மின்னஞ்சல் முகவரி பாதுகாப்பானது. சம்பளத்தைப் பதிவில் சொல்லாமல் பேச்சுக்கு விட்டுவிடலாம். முன்பின் தெரியாதவர் கைகளில் அது சுற்றுவதால் ஒரு லாபமும் இல்லை.

பதிவிடும் நாளுக்கும் கொஞ்சம் பலன் உண்டு. மாத ரிட்டர்ன் போடும் நிறுவனங்களில் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதியும், 3பி படிவத்துக்கு 20ஆம் தேதியும் கெடு. அந்தப் பத்து நாளும் கணக்குத் துறையில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. 20ஆம் தேதி தாண்டிய பிறகு, ஆள் இல்லாமல் அந்த மாதம் பட்ட பாடு நினைவில் பச்சையாக இருக்கும்போது பதிவு கண்ணில் பட்டால், அது நின்று படிக்கப்படும்.

இன்னும் வேலையில் இருப்பவர் ஒன்றை யோசித்தே ஆக வேண்டும். லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதைச் சொல்ல இரண்டு வழி இருக்கின்றன. முகப்படத்தைச் சுற்றி #OpenToWork என்ற பச்சை வளையம் போட்டால் எல்லோருக்கும் தெரியும். ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படியும் வைக்கலாம். இரண்டாவது வழியில் சொந்த நிறுவனத்து ஆட்களிடமிருந்து மறைக்க அந்தத் தளம் முயல்கிறது. முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. முதலாளிக்குத் தெரியக்கூடாது என்றால் பொதுப்பதிவைத் தவிர்த்து, அதே வாசகத்தைப் பத்துப் பதினைந்து பேருக்குத் தனித்தனியாக அனுப்புவதே சரி.

பதிவு சரியாக எழுதப்பட்டதா என்பதை, வரும் பதில்களைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். டேலியில் பில் ஏற்றும் வேலைக்கே அழைப்பு வந்துகொண்டிருந்தால், திறன் வரியில் 'தனியாக' என்ற சொல் விழவில்லை என்று பொருள். திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் அழைப்பு வந்தால் இடம் கீழே எங்கோ புதைந்திருக்கிறது. எல்லோரும் வாழ்த்திவிட்டு, யாருமே ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லாவிட்டால் வேலையின் பெயர் பொதுவாக இருக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்தி, இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் இடலாம்.

பொதுவெளியில் வேலை கேட்டால் மோசடிக்காரர் கண்ணிலும் அது படும். அவர்கள் பெரும்பாலும் நேர்காணல் இல்லாமலே வேலை உறுதி என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று ஏதோ ஒரு பெயரில் பணம் கேட்பார்கள். ஆதார், வங்கி விவரங்களை அவசரப்படுத்தி வாங்குவார்கள். பணம் கேட்ட அந்த நொடியிலேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், அதன் அலுவலக எண்ணைத் தாமே தேடி எடுத்து அழைத்துக் கேட்க வேண்டும்.

உண்மையான தகவல் வந்தால் அதே நாளில் பதில் போக வேண்டும். பெரிய நிறுவனங்களில் ஊழியர் ஒருவரைப் பரிந்துரைக்க, அந்தக் காலியிடத்தின் எண்ணும் ரெஸ்யூமே கோப்பும் கேட்பார்கள். இரண்டையும் ஒரே செய்தியில், கோப்புக்குத் தம் பெயரையும் வேலையின் பெயரையும் வைத்து அனுப்பினால், பரிந்துரைப்பவர் மதிய உணவு இடைவேளையிலேயே வேலையை முடித்துவிடுவார். நேர்காணல் எப்படிப் போனது என்பதையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்; சொன்னவர் என்ன ஆனதென்று தெரியாமலே காத்திருக்கிறார். வேலை கிடைத்ததும் முதல் பதிவுக்குக் கீழேயும் பகிரப்பட்ட குழுக்களிலும் "இடம் கிடைத்துவிட்டது, இனி இதைப் பகிர வேண்டாம்" என்று ஒரு வரி போட்டுவிட்டால், பதிவின் வேலை முடிந்தது.